நாலும் சேர்ந்தால் 4,200 அல்ல: ஒரு ஃபீடரின் லோடு கர்வ் சொல்லும் கணக்கு

துணைமின் நிலையத்திலிருந்து மின்சாரத்தைக் கொண்டுபோகும் 11 கிலோவோல்ட் லைன், அதாவது ஃபீடர் ஒன்று. அதில் நான்கு வகைச் சுமைகள்: வீடுகள், கடைகள், பட்டறைகள், ஒரு குடிநீர் பம்பு நிலையம். தனித்தனியே அளந்தால் வீடுகளின் உச்சம் 1,700 கிலோவாட், கடைகளுக்கு 800, பட்டறைகளுக்கு 1,200, பம்புக்கு 500. கூட்டினால் 4,200. ஆனால் துணைமின் நிலையத்தில் அந்த ஃபீடருக்கென்று இருக்கும் மீட்டர் 2,800 கிலோவாட்டைத் தாண்டுவதில்லை. மீட்டரில் கோளாறு இல்லை, யாரும் மின்சாரம் திருடவும் இல்லை. நான்கு உச்சங்களும் ஒரே நேரத்தில் வருவதில்லை, அவ்வளவுதான்.

4,200-க்கும் 2,800-க்கும் உள்ள இந்த இடைவெளிதான் டைவர்சிட்டி. அது எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் அதை நம்பலாம், எந்த இடத்தில் நம்பக்கூடாது என்று தெரிந்தால் கம்பியின் அளவையும் மின்னழுத்த வீழ்ச்சியையும் இழப்பையும் ஓரளவு சரியாகக் கணிக்கலாம். இந்த ஒரே ஃபீடரை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் வளைவு

ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் கிடைக்கோட்டிலும், அந்தந்த நேரத்துச் சுமையைக் கிலோவாட்டில் நிலைக்கோட்டிலும் வைத்து வரைவதுதான் லோடு கர்வ். உண்மையான மீட்டர் பெரும்பாலும் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு சராசரியைப் பதிவு செய்யும். மோட்டார் கிளம்பும்போது சில விநாடி துள்ளும் மின்னோட்டம் அந்தச் சராசரியில் கரைந்துவிடும். அதில் தவறில்லை. கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் சூடாவதற்கு நேரம் பிடிக்கும், விநாடிக் கணக்கில் அவை சூடாகிவிடாது.

நம் ஃபீடருக்குக் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நாளை நான்கு மணி நேரத் துண்டுகளாக வெட்டிக்கொள்வோம். எண்கள் எல்லாம் கிலோவாட்டில்.

| நேரம் | வீடுகள் | கடைகள் | பட்டறை | பம்பு | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| 22–2 | 600 | 100 | 100 | 100 | 900 |
| 2–6 | 400 | 100 | 100 | 500 | 1,100 |
| 6–10 | 900 | 200 | 600 | 500 | 2,200 |
| 10–14 | 600 | 700 | 1,200 | 100 | 2,600 |
| 14–18 | 600 | 800 | 1,000 | 100 | 2,500 |
| 18–22 | 1,700 | 700 | 300 | 100 | 2,800 |

மொத்தம் என்ற கடைசிப் பத்தியை ஒவ்வொரு வரியாகப் பக்கவாட்டில் கூட்டித்தான் எடுத்திருக்கிறோம். அதாவது ஒரே நேரத்தில் ஓடும் சுமைகளை மட்டுமே கூட்டியிருக்கிறோம். இந்தக் கட்டுரையில் வரும் மற்ற எல்லாக் கணக்கும் இந்த ஒரு செயலில் அடங்கியது. ஒவ்வொரு பத்தியிலும் மிகப் பெரிய எண்ணைத் தேடிப் பிடித்து, அவற்றைக் கூட்டினால் 4,200 வரும். ஆனால் ஃபீடர் அந்த 4,200-ஐ எந்த நேரத்திலும் சந்திப்பதில்லை.

லோடு ஃபேக்டர்

வளைவுக்குக் கீழே இருக்கும் பரப்புதான் அன்றைய மின் பயன்பாடு. ஆறு மொத்தங்களையும் கூட்டினால் 12,100. ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் என்பதால் 48,400 யூனிட். அதை 24-ஆல் வகுத்தால் சராசரிச் சுமை ஏறக்குறைய 2,017 கிலோவாட். சராசரியை உச்சத்தால் வகுப்பது லோடு ஃபேக்டர்: 2,017 வகுத்தல் 2,800, அதாவது 0.72.

உச்சத்துக்காக 2,800 கிலோவாட் தாங்கும் கம்பியும் கருவிகளும் போட்டிருக்கிறோம். அதில் நாள் முழுதும் சராசரியாக எவ்வளவு பயன்படுகிறது என்று கேட்டால், விடை 72 சதவீதம். 1-க்கு நெருங்க நெருங்க வளைவு தட்டையாகிறது, குறையக் குறைய முகடு கூர்மையாகிறது.

இதே கணக்கை வீடுகளுக்கு மட்டும் போட்டால் 800 வகுத்தல் 1,700, அதாவது 0.47. கடைகளுக்கு 0.54, பட்டறைக்கு 0.46, பம்புக்கு 0.47. தனியாகப் பார்த்தால் நான்கும் ஏறக்குறைய பாதிதான். ஆனால் சேர்ந்ததும் 0.72 ஆகிவிட்டது. ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்றின் மேடு போய் உட்கார்ந்துகொண்டதால் வந்த ஏற்றம் இது.

ஓர் எச்சரிக்கை. லோடு ஃபேக்டர் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எந்தக் காலத்துக்கு என்று கேட்டாக வேண்டும். நாம் போட்டது ஒரு நாளுக்கு. ஆண்டுக்குப் போடும்போது வகுக்கும் எண் ஆண்டின் மிக உயர்ந்த உச்சம். அது ஏதோ ஒரு கடும் வெயில் நாளிலோ கடும் குளிர் நாளிலோ வந்திருக்கும். ஆகவே ஆண்டு லோடு ஃபேக்டர் ஒரு சாதாரண நாளின் எண்ணைவிடப் பொதுவாகத் தாழ்ந்தே இருக்கும். நாள் எண்ணை எடுத்து ஆண்டு யூனிட்டைக் கணக்கிட்டால் விடை ஊதிப்போய் வரும்.

டைவர்சிட்டி ஃபேக்டர்

தனித்தனி உச்சங்களின் கூட்டுத்தொகையை, எல்லாம் சேர்ந்த உச்சத்தால் வகுப்பது டைவர்சிட்டி ஃபேக்டர். நம் ஃபீடருக்கு 4,200 வகுத்தல் 2,800, அதாவது 1.5. இது 1-க்குக் குறையவே முடியாது. இதைத் தலைகீழாகப் போட்டால் 0.67 வரும். அதற்குக் கோயின்சிடன்ஸ் ஃபேக்டர் என்று பெயர். சில திட்ட அறிக்கைகளில் ‘டைவர்சிட்டி 0.67’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 1-க்குக் கீழே இருந்தால் பெருக்கவேண்டிய எண், மேலே இருந்தால் வகுக்கவேண்டிய எண் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

மூன்று எண்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நான்கு சராசரிகளின் கூட்டுத்தொகை 2,017. அதைத் தனித்தனி உச்சங்களின் கூட்டுத்தொகையான 4,200-ஆல் வகுத்தால் 0.48. அதை டைவர்சிட்டி 1.5-ஆல் பெருக்கினால் 0.72. ஃபீடரின் லோடு ஃபேக்டர் எங்கிருந்து ஏறியது என்பதற்கு இதுவே கணக்கு.

இனி இதன் பலன். பவர் ஃபேக்டர் 0.9 என்று வைத்தால் 2,800 கிலோவாட்டுக்கு 11 கிலோவோல்ட்டில் மின்னோட்டம் ஏறக்குறைய 163 ஆம்பியர். 4,200-ஐ அப்படியே எடுத்திருந்தால் 245 ஆம்பியர் என்று வந்திருக்கும். தேவையில்லாமல் ஓர் அளவு பெரிய கம்பியையோ, இரண்டாவது ஃபீடரையோ கேட்டு எழுதியிருப்போம்.

1.5 என்பது மாறிலி அல்ல

ஆரம்பத்தில் பலரும் தடுக்குவது இங்கேதான். 1.5 என்ற எண் கிடைத்ததும், புதிதாக வரும் எந்தச் சுமையையும் 1.5-ஆல் வகுத்துச் சேர்க்கத் தோன்றும். 500 கிலோவாட் உச்சம் கொண்ட ஒரு புது இணைப்புக்கு விண்ணப்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 வகுத்தல் 1.5, ஆக 333. ஃபீடர் உச்சம் 3,133 ஆகும் என்று எழுதிவிடலாம்.

அந்த 500 கிலோவாட் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் அதன் உச்சமும் மாலை 18–22-ல்தான் வரும். முழு 500-ம் ஏற்கெனவே இருக்கும் முகட்டின் மேலேயே ஏறும். உச்சம் 3,300. டைவர்சிட்டி 4,700 வகுத்தல் 3,300, அதாவது 1.42-க்கு இறங்குகிறது. அதே 500 கிலோவாட் ஒரு பகல்நேரப் பட்டறை என்றால்? 10–14-ல் 500, 14–18-ல் 400, மாலையில் 100 எடுக்கிறது என்போம். மொத்தப் பத்தியில் சேர்த்தால் 10–14-ல் 3,100, மற்ற இரண்டிலும் 2,900. உச்சம் 3,100 ஆகிறது, அதாவது 300 மட்டுமே கூடியிருக்கிறது. உச்ச நேரமும் மாலையிலிருந்து நண்பகலுக்கு நகர்ந்துவிட்டது. வகுத்துச் சொன்ன 333 இரண்டு நிலைமைக்கும் பொருந்தவில்லை.

ஆகவே புதுச் சுமைக்கு எண்ணை மட்டும் கேட்டால் போதாது, நேரத்தையும் கேட்க வேண்டும். மணிவாரியான வளைவு கிடைக்காவிட்டால், அதே வகை நுகர்வோர் ஒருவரின் மீட்டர் பதிவைக் கொண்டு வடிவத்தை எடுத்து, உச்சத்துக்கு ஏற்ப அளவை மாற்றிக்கொள்ளலாம். அட்டவணையில் எழுதிவைத்த டைவர்சிட்டி எண்களைவிட இது எவ்வளவோ மேல். மின்வாகனம் சார்ஜ் ஏற்றும் இடங்களுக்கு இது இன்னும் முக்கியம். வேலை முடிந்து வந்ததும் எல்லோரும் செருகினால் வீட்டு உச்சத்தின் மேலேயே விழும். நள்ளிரவுக்கு மேல் மலிவுக் கட்டணம் என்று அறிவித்து, எல்லா வண்டிகளும் அந்த மணியடித்ததும் ஒன்றாகத் தொடங்கினால், இல்லாத இடத்தில் ஒரு புது முகடு முளைக்கும்.

எந்தப் புள்ளிக்கு எந்த டைவர்சிட்டி

1.5 என்பது ஃபீடரின் தலைப்பகுதிக்கு மட்டும் உரியது. வீடுகளுக்கு மட்டும் பிரிந்துபோகும் கிளைக்குள் நுழைந்ததும் கடைகளும் பட்டறைகளும் பம்பும் அங்கே இல்லை. அந்தக் கிளை முழு 1,700 கிலோவாட்டையும் சுமக்க வேண்டும். தலைப்பகுதியில் கிடைத்த சலுகை அங்கே செல்லாது.

வீடுகளுக்குள்ளேயும் டைவர்சிட்டி உண்டு, ஆனால் அந்த 1,700 என்ற எண்ணிலேயே அது கலந்திருக்கிறது. அது எல்லா வீடுகளும் சேர்ந்து ஒரே நேரத்தில் எடுத்த உச்சம். ஒவ்வொரு வீட்டு உச்சத்தையும் தனியாகக் கூட்டியிருந்தால் இதைவிடப் பல மடங்கு வந்திருக்கும். எனவே 1,700-ஐ மறுபடி ‘வீடுகளுக்கான டைவர்சிட்டி’ என்று ஒரு தடவை வகுத்தால் ஒரே தள்ளுபடியை இரண்டு முறை எடுத்ததாகிவிடும். உங்கள் கையில் இருக்கும் எண் எந்த இடத்தில் அளந்தது என்று முதலில் பார்த்துவிட்டு, அந்த இடத்திலிருந்து துணைமின் நிலையம் நோக்கி மேலே போகும்போது மட்டும் டைவர்சிட்டியைப் பயன்படுத்துங்கள்.

நுகர்வோர் எண்ணிக்கை குறைந்தால் டைவர்சிட்டியும் குறையும். ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மரில் நாலே வீடுகள் இருந்தால், நாலும் ஒரே நேரத்தில் வாட்டர் ஹீட்டர் போட வாய்ப்பு அதிகம். நூறு வீடுகள் என்றால் அந்த வாய்ப்பு மிக அரிது. வீடுகள் கூடக் கூட, தலைக்கு வரும் பங்கு முதலில் வேகமாகக் குறைந்து, பிறகு ஏறக்குறைய நிலைத்துவிடும். ஆகையால் பெரிய குடியிருப்பில் அளந்த ‘வீட்டுக்கு இவ்வளவு’ என்ற எண்ணைக் கொண்டு நாலு வீட்டு டிரான்ஸ்ஃபார்மரைத் தேர்ந்தெடுத்தால், அது மாலை நேரத்தில் அடிக்கடி சூடாகி ஃப்யூஸ் போகும்.

மின்னழுத்த வீழ்ச்சி: எங்கே கம்பி மாற்றுவது

நம் ஃபீடர் 6 கிலோமீட்டர் நீளம் என்போம். கடைகளும் பட்டறைகளும் பம்பும் 3-ஆவது கிலோமீட்டரில் இருக்கின்றன, வீடுகள் கடைசி முனையில். கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 0.3 ஓம், ரியாக்டன்ஸ் 0.35 ஓம். பவர் ஃபேக்டர் 0.9-ல் இரண்டையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 0.42 ஓம் அளவில் வரும்.

மாலையில் முதல் 3 கிலோமீட்டரில் 163 ஆம்பியர் ஓடுகிறது. அங்கே வீழ்ச்சி 3.3 சதவீதம். அடுத்த 3 கிலோமீட்டரில் வீடுகளின் 99 ஆம்பியர் மட்டும். அங்கே 2 சதவீதம். முனையில் மொத்தம் ஏறக்குறைய 5.2 சதவீதம். 5 சதவீதம்தான் நம் வரம்பு என்றால் தாண்டிவிட்டோம்.

இதே கணக்கை நண்பகலுக்குப் போட்டுப் பாருங்கள். ஃபீடர் தலையில் 2,600 கிலோவாட், மாலை உச்சத்தைவிட 200 மட்டுமே குறைவு. ஆனால் வீடுகள் அப்போது 600-தான் எடுக்கின்றன. முனையில் வீழ்ச்சி 3.7 சதவீதம். தலையில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சுமை, முனையில் பார்த்தால் ஒன்று வரம்புக்குள், மற்றொன்று வெளியே. ஃபீடரின் மொத்த வளைவு மட்டும் போதாது, எந்தச் சுமை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சரி, வீழ்ச்சியைக் குறைக்க வேண்டும். புகார் வருவது கடைசி முனையிலிருந்து, ஆகவே கடைசி 3 கிலோமீட்டரில் பெரிய கம்பி போடலாம் என்று தோன்றும். மின்தடை பாதியாக, 0.15 ஓம் ஆகவும், ரியாக்டன்ஸ் 0.33 ஆகவும் உள்ள கம்பியை அங்கே போட்டால் 5.2 சதவீதம் 4.6 ஆகிறது. அதே கம்பியை முதல் 3 கிலோமீட்டரில் போட்டால் 4.1 ஆகிறது. அதிக மின்னோட்டம் ஓடும் துண்டில் மாற்றினால்தான் பலன் அதிகம். முனையில் இருக்கிறவருக்கும் அதே பலன் போய்ச் சேரும். மின்தடை பாதியானபோதும் வீழ்ச்சி பாதியாகவில்லை என்பதையும் கவனியுங்கள். ரியாக்டன்ஸ் கம்பித் தடிமனுக்கு அவ்வளவாக மசிவதில்லை.

இழப்பு: லோடு ஃபேக்டரை அப்படியே பெருக்கக்கூடாது

கம்பியில் ஏற்படும் இழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். உச்ச நேரத்தில் முதல் துண்டின் இழப்பு மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து 72 கிலோவாட். நாள் முழுதும் உச்சமே ஓடினால் 1,728 யூனிட் போகும். உண்மையில் எவ்வளவு?

0.72-ஆல் பெருக்கினால் 1,244 யூனிட். இது அதிகம். சராசரி மின்னோட்டத்தை வைத்து, அதாவது 0.72-ன் இருமடியால் பெருக்கினால் 896. இது குறைவு. சரியான வழி, ஒவ்வொரு நேரத் துண்டின் சுமையையும் இருமடியாக்கி, அவற்றின் சராசரியை உச்சத்தின் இருமடியால் வகுப்பது. நம் அட்டவணைக்கு 0.59 வருகிறது. இதுதான் லாஸ் ஃபேக்டர். இழப்பு ஏறக்குறைய 1,018 யூனிட். மணிவாரி எண்கள் இல்லாதபோது பயன்படும் ஓர் அனுபவச் சூத்திரம்:

```
LsF = 0.3 × LF + 0.7 × LF²
```

இதில் லோடு ஃபேக்டரான LF-க்கு 0.72-ஐப் போட்டால் லாஸ் ஃபேக்டரான LsF 0.58 வரும். நேரடிக் கணக்கின் 0.59-க்கு மிக அருகில். ஆனால் 0.3, 0.7 என்ற குணகங்கள் எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. வளைவின் வடிவத்தைப் பொறுத்து மாறும், சிலர் 0.15, 0.85 எடுப்பார்கள். வளைவு கையில் இருந்தால் நேரடியாகக் கணக்கிடுவதே நல்லது.

இரண்டாவது துண்டில் வீடுகளின் கூர்மையான முகடு மட்டும் ஓடுகிறது. அங்கே லாஸ் ஃபேக்டர் 0.285 அளவுதான். உச்ச இழப்பு 26.5 கிலோவாட், நாளுக்கு 181 யூனிட். இரண்டும் சேர்ந்து 1,199, அதாவது மொத்தப் பயன்பாட்டில் 2.5 சதவீதம். பெரிய கம்பியை முதல் துண்டில் போட்டால் நாளுக்கு 500 யூனிட்டுக்கு மேல் மிச்சம், இரண்டாவதில் போட்டால் 90 மட்டும். மின்னழுத்தக் கணக்கு சொன்ன அதே துண்டையே இழப்புக் கணக்கும் காட்டுகிறது. எப்போதும் இரண்டும் இப்படி ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. முனைக்கு நெருக்கமாகப் பெரும் சுமை குவிந்திருக்கும் ஃபீடரில் விடை வேறாக இருக்கலாம்.

வளைவு பொய் சொல்லும் நேரங்கள்

பதிவில் கிடைத்த மிக உயர்ந்த எண்ணை அப்படியே உச்சம் என்று எடுத்துவிடக்கூடாது. பக்கத்து ஃபீடர் பழுதானபோது அதன் சுமையை இதற்கு மாற்றி ஓட்டியிருப்பார்கள். அன்றைய வளைவில் சுமை ஏறும்போது சரிவாக ஏறாது, ஒரே தாவலில் செங்குத்தாக ஏறும். சில மணி நேரம் கழித்து அதேபோல் செங்குத்தாக இறங்கும். அதே நிமிடத்தில் பக்கத்து ஃபீடரின் பதிவு சுழிக்குப் போயிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அந்த நாளை உச்சக் கணக்கிலிருந்து நீக்குங்கள். ஆனால் அத்தகைய அவசரத்துக்கென்று கம்பியில் இடம் ஒதுக்குவது வேறு கணக்கு, அதை மறந்துவிட வேண்டாம்.

கூரைச் சூரியத் தகடுகள் அதிகமாக இருக்கும் ஃபீடரில் இதற்கு நேர்மாறான சிக்கல். மீட்டர் காட்டும் நண்பகல் எண், உண்மைச் சுமையிலிருந்து தகடுகள் தரும் மின்சாரம் கழிந்தது. மேகம் மூடினால் கழிந்தது திரும்பி வரும். வெயில் நாளையும் மேக நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மறைந்திருக்கும் சுமை எவ்வளவு என்று ஓரளவு புரியும்.

நெடுநேர மின்தடைக்குப் பின் சப்ளை திரும்பும்போதோ டைவர்சிட்டியே காணாமல் போகும். சாதாரணமாக ஃபிரிட்ஜ், ஏசி, வாட்டர் ஹீட்டர் எல்லாம் மாறி மாறி ஓடி நிற்பவை. சில மணி நேரம் மின்சாரம் இல்லையென்றால் எல்லாத் தெர்மோஸ்டாட்டும் ஒரே நேரத்தில் ‘ஓடு’ என்ற நிலையில் காத்திருக்கும். ஸ்விட்ச் போட்டதும் சுமை வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்குப் போய், அரை மணி நேரமோ அதற்கு மேலோ அப்படியே நிற்கலாம். நம் ஃபீடரில் 163 ஆம்பியரை வைத்து ரிலேயை 200 ஆம்பியரில் அமைத்திருந்தால், பழுது எதுவும் இல்லாமலே அது மறுபடி மறுபடி டிரிப் ஆகும். லைனில் ஷார்ட் தேடி ஆட்கள் வீணாக அலைவார்கள். டிரிப் ஆனது உடனடியாகவா, சில நிமிடம் கழித்தா என்று பாருங்கள். சில நிமிடம் கழித்து, மூன்று ஃபேஸும் ஏறக்குறைய ஒரே அளவில் உயர்ந்திருந்தால் சந்தேகம் சுமையின் மேல்தான். இடையிலுள்ள ஸ்விட்சைத் திறந்து, முதல் 3 கிலோமீட்டரை மட்டும் சேர்த்து, மின்னோட்டம் இறங்கத் தொடங்கிய பிறகு வீடுகளின் துண்டைச் சேர்த்தால் ஃபீடர் டிரிப் ஆகாமல் தாங்கும்.